முதல் கட்டில் மூன்று விடைத்தாள்கள்

முத்துராணிக்குச் சொந்த ஊர் சீவலப்பேரி. அம்மா ஆறுமுகத்தாய் வயல் வேலைக்குப் போய்த்தான் மகளை எம்.எஸ்சி. வரை படிக்க வைத்தாள். படிப்பு முடிந்த வருஷமே நெடுஞ்சாலை ஓரத்துத் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் கணக்கு ஆசிரியையாக வேலை கிடைத்தது. பதினாலு வருஷம் அங்கேயே நின்றாள். கணவன் செல்வமணிக்கு வண்ணார்பேட்டையில் டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை. காலை ஏழேகாலுக்கு இருவரும் ஒரே டவுன் பஸ்ஸில் ஏறி, அவன் வண்ணார்பேட்டையில் இறங்கிக்கொள்வான். அவள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக் கல்லூரி வண்டிக்காக நிற்பாள்.

அந்தக் கல்லூரியில் முதலாமாண்டு பிள்ளைகளுக்கு அவள் பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருவது D என்ற எழுத்துதான். இரண்டாம் பருவத்துக் கணக்குத் தாளில் வகைக்கெழுச் சமன்பாடுகள் என்று ஒரு பகுதி உண்டு. மற்றவர்கள் அதை விதிமுறைப் பட்டியலாக எழுதிப் போட்டு நகர்ந்துவிடுவார்கள். முத்துராணி முதல் வகுப்பில் ஒரு விதியும் எழுத மாட்டாள்.

"வாய்க்கால்ல ஆகாயத்தாமரை மண்டிக் கெடக்குல்லா, அத நெனச்சுக்கோங்க," என்பாள். "இன்னைக்கு எத்தன செடி இருக்கோ அதுக்குத் தக்கனதான் இன்னைக்குப் புதுசா முளைக்கும். நூறு இருந்தா பத்து, ஆயிரம் இருந்தா நூறு. அப்ப மொத்தச் செடிய ஒரு படமா வரைங்க. முளைக்குற வேகத்த இன்னொரு படமா வரைங்க. ரெண்டும் என்ன மாதிரி இருக்கும்?"

ரெண்டும் ஒரே சாயலில் இருக்கும், ஒன்று மற்றொன்றில் பத்தில் ஒரு பங்கு உயரம், அவ்வளவுதான் என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லும். அப்போதுதான் D-யைப் பலகையில் எழுதுவாள். D என்பது ஒரு சார்பை வாங்கிக்கொண்டு அது மாறும் வேகத்தைத் திருப்பித் தருகிற செயலி. x²-ஐக் கொடுத்தால் 2x வரும். வளைகோடு போய் நேர்கோடு வந்துவிடும். சைனைக் கொடுத்தால் கொசைன் வரும். ஆனால் e³ˣ-ஐக் கொடுத்தால் 3e³ˣ வரும். முன்னால் ஒரு மூன்று ஒட்டிக்கொள்ளும், உருவம் மாறாது. ஏனென்றால் அது வளர்கிற வேகம் எப்போதும் அதன் அளவுக்கு மூன்று மடங்கு. அதனால் அடுக்குக்குறிச் சார்புக்கு முன்னால் D வெறும் எண் போல நடந்துகொள்ளும். D² − 5D + 6 என்று ஒரு கூட்டத்தையே e³ˣ மேல் ஏவினாலும் D இருந்த இடத்தில் மூன்றைப் போட்டால் போதும். பெரிய வகைக்கெழுச் சமன்பாடு பத்தாம் வகுப்பு இருபடிச் சமன்பாடாகச் சுருங்கிவிடும்.

இதைச் சொல்லி முடிக்கும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும் என்று பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அவளுக்கு அது தெரியாது.

விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு அந்த வருஷமும் ஜூன் மாதம் அழைப்பு வந்தது. திருநெல்வேலியை ஒட்டிய ஒரு கல்லூரியின் பெரிய கூடத்தில் மேசைகள் போட்டிருந்தார்கள். எட்டு ஆசிரியர்களுக்கு ஒரு தலைமைத் தேர்வாளர். முத்துராணியின் குழுவுக்குத் தலைமை கிருபைராஜ். எம்.எஸ்சி.யில் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். அவளுடைய நோட்டைத்தான் ஜெராக்ஸ் எடுத்துப் படிப்பான். இப்போது நிரந்தர வேலையில், பாடத்திட்டக் குழுவில், வெள்ளைச் சட்டையும் கழுத்தில் அட்டையுமாக இருந்தான். முகாமில் எல்லோர் முன்னாலும் அவள் அவனை 'சார்' என்பாள். அவன் 'மேடம்' என்பான்.

காலைக்கு ஒரு கட்டு, மதியத்துக்கு ஒரு கட்டு. கட்டுக்கு இருபத்தைந்து விடைத்தாள், மூன்று மணி நேரம். ஒரு தாளுக்கு ஏழு நிமிஷம். எல்லார் மேசையிலும் விடைக்குறிப்பு அச்சடித்து வைத்திருந்தார்கள். பன்னிரண்டாவது கேள்வியில் 'அ', 'ஆ' இரண்டில் ஒன்றை எழுதினால் போதும். 'ஆ' பிரிவு, (D² − 5D + 6)y = e³ˣ என்பதைத் தீர்க்கச் சொன்னது. பதினாறு மதிப்பெண். இது இரண்டு துண்டாகச் செய்கிற கணக்கு. வலப்பக்கம் சுழி என்று வைத்துக் கிடைப்பது Ae²ˣ + Be³ˣ, அதற்கு எட்டு. வலப்பக்கத்து e³ˣ-க்காக மட்டும் சேர்க்க வேண்டிய சிறப்புத் துண்டுக்கு எட்டு. விடைக்குறிப்பு அந்தச் சிறப்புத் துண்டை e³ˣ/2 என்றது.

பஸ் பிந்திவிட்டதால் முத்துராணி அன்று பதினைந்து நிமிஷம் தாமதமாகத்தான் உட்கார்ந்தாள். விட்டதைப் பிடிக்க வேகமாகத் திருத்தினாள். வேகம் கூடினால் கண் கடைசி வரிக்குத்தான் போகும். அந்தக் கட்டில் ஒன்பது பேர் 'ஆ' பிரிவை எழுதியிருந்தார்கள். அதில் மூன்று பேர் சிறப்புத் துண்டை xe³ˣ என்று முடித்திருந்தார்கள். குறிப்பில் அப்படி இல்லை. மூன்றிலும் சிவப்புக் கோடு இழுத்து, அந்த எட்டுக்குச் சுழி போட்டாள். பதினொன்றே முக்காலுக்குக் கட்டை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனாள்.

மதியக் கட்டில் நான்காவது தாளில் ஒரு பிள்ளை xe³ˣ என்று எழுதியதோடு நிற்கவில்லை. அடியில் ஒரு கோடு போட்டு, 'சரிபார்ப்பு' என்று எழுதி, விடையைத் திரும்பச் சமன்பாட்டுக்குள் போட்டுப் பார்த்திருந்தது. யாரும் கேட்காத வேலை, மதிப்பெண்ணும் கிடையாது. D² − 5D + 6 என்பதை (D − 2)(D − 3) என்று பிரித்து, முதலில் D − 3. xe³ˣ-ஐ வகையிட்டால் e³ˣ + 3xe³ˣ. அதில் 3xe³ˣ-ஐக் கழித்தால் மிச்சம் e³ˣ. அடுத்து D − 2. 3e³ˣ-இல் 2e³ˣ போக மிச்சம் e³ˣ. வலப்பக்கம் என்ன இருந்ததோ அதுவே வந்துவிட்டது.

முத்துராணி பேனாவைக் கீழே வைத்தாள். குறிப்பில் இருந்த e³ˣ/2-ஐயும் அதே போல உள்ளே போட்டுப் பார்த்தாள். D − 3 அதன் மேல் பட்டதும் ஒன்றரை e³ˣ-இல் ஒன்றரை e³ˣ போய்ச் சுழி. அது e³ˣ-ஐக் கொடுக்கவே கொடுக்காது. ஏற்கெனவே இருக்கிற Be³ˣ-இல் கரைந்து போகிற துண்டு அது. e³ˣ-ஐ வகுக்கிற D² − 5D + 6-இல் D-க்குப் பதில் மூன்றைப் போட்டால் 9 − 15 + 6, கீழே சுழி வரும் என்று வருஷா வருஷம் அவளே எச்சரிக்கிற இடம் இது. இதே கூடத்தில், இதே நாற்காலியில், காலையில் மூன்று பேரை அடித்துவிட்டிருக்கிறாள்.

பக்கத்தில் இருந்த ஜாஸ்பரிடம் தாளைக் காட்டினாள். திசையன்விளைப் பக்கத்துக் கல்லூரியில் வேலை பார்க்கும், எதற்கும் முன்னால் நிற்காத மனுஷர் அவர். பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"ஆமா மேடம், தப்புத்தான். நானும் காலையிலயே பாத்தேன்."

"பாத்துட்டு என்ன செஞ்சீங்க?"

"குறிப்புல என்ன இருக்கோ அதத்தான போடணும்," என்றவர் குரலைத் தணித்தார். "கேள்வித்தாளும் குறிப்பும் எழுதினது யாருன்னு தெரியும்லா? நம்ம தலைமைதான்."

முத்துராணி தாளோடு எழுந்து கிருபைராஜின் மேசைக்குப் போனாள்.

"சார், பன்னெண்டு ஆ-வுக்குக் குறிப்பு தப்பா இருக்கு."

அவன் தலை நிமிரவில்லை. "ஏ துண்டு, பி துண்டு சரியா இருந்தா எட்டுப் போடுங்க மேடம். அவ்வளவுதான்."

"அது சரி. சிறப்புத் துண்டு? குறிப்புல உள்ளத உள்ள போட்டா சுழிதான் வருது."

அவன் நிமிர்ந்தான். சுற்றிலும் பார்த்துவிட்டு எழுந்து வராந்தாவுக்கு நடந்தான். அவளும் பின்னால் போனாள். வெளியே வேப்பமரத்தடியில் அடுத்த நாளுக்கான கட்டுகளை வண்டியில் இருந்து இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கியா?" என்றான். 'மேடம்' என்ற சொல் போய்விட்டிருந்தது. "முன்னால ஒரு பேப்பர்ல ஈ பவர் எக்ஸ்னு குடுத்திருந்தேன். அதுக்கு ஒண்ணப் போட்டா ரெண்டு வரும், கீழ ரெண்டு. சரியாத்தான் இருந்துச்சு. இந்த தடவ புதுசா தெரியட்டும்னு அடுக்க மூணு எக்ஸா மாத்தினேன். குறிப்புலயும் அடுக்க மட்டும் மாத்திட்டேன். திரும்பக் கணக்குப் பாக்கல. அவ்வளவுதான் நடந்தது."

"சரி. அப்ப ஒரு தாள்ல எழுதிக் குடு. எல்லா முகாமுக்கும் திருத்தின குறிப்பு போவட்டும்."

"எழுதிக் குடுத்தா அது மேல போவும். அடுத்த மாசம் பாடக்குழுத் தலைவர் யாருன்னு முடிவு பண்ணுதாங்க முத்துராணி. இந்த நேரத்துல, இருபடி கூடத் தெரியாதவன்னு எம்பேர எழுதச் சொல்லுதியா?"

"காலைக் கட்டுல மூணு பிள்ளைகளுக்கு நான் அடிச்சுப் போட்டுட்டேன் கிருபை. அத மட்டுமாவது திறந்து குடு. நானே சரி பண்ணிருதேன்."

"ஒப்படைச்ச கட்டத் திறக்க முடியாது. எட்டு மார்க்குல என்ன ஆயிரப்போவுது?"

"சரியா எழுதின பிள்ள பெயிலாவும்."

"மறுபடி எழுதும்," என்றான் அவன். உள்ளே நுழையும்போது, எல்லோருக்கும் கேட்கும்படி, "குறிப்பப் பாத்துத் திருத்துங்க மேடம், நேரமாவுது," என்றான்.

முத்துராணி உட்கார்ந்தாள். சரிபார்ப்பு எழுதிய பிள்ளைக்குப் பதினாறும் போட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கட்டில் வந்த இன்னும் இரண்டு xe³ˣ-க்கும் முழு மதிப்பெண். மாலை போகுமுன் முகாம் அதிகாரியிடம் ஒரு கடிதம் கொடுத்தாள். ஒரு பக்கம்தான். குறிப்பின் விடையைச் சமன்பாட்டில் போட்டால் ஏன் சுழி வருகிறது, சரியான விடை எது, இரண்டையும் ஆறு வரிகளில் காட்டியிருந்தாள். கடைசியில், காலைக் கட்டில் தானே தவறாகத் திருத்திய மூன்று தாள்களைத் திரும்பத் தர வேண்டும் என்று கேட்டிருந்தாள்.

வீட்டில் செல்வமணியிடம் சொன்னாள். அவனுக்குக் கணக்கு தெரியாது, இவளைத் தெரியும்.

"மூணு தாள நீ அடிச்சதயும் எழுதிக் குடுத்துட்டியா?"

"ஆமா. உண்மைய எழுதாம எப்படி?"

"கிருபைராஜ் அதத்தான் பிடிச்சுக்கிடுவான்," என்றான்.

அப்படியே நடந்தது. முகாம் அதிகாரி எலியேசர் இயந்திரவியல் பேராசிரியர், ஓய்வுக்கு இரண்டு வருஷம் மிச்சம் இருந்தவர். கணக்கு விஷயத்தில் கருத்துச் சொல்ல அவருக்குப் பாட வல்லுநர் வேண்டும். விதிப்படி அந்த வல்லுநர், குழுவின் தலைமைத் தேர்வாளர். கிருபைராஜ் இரண்டு வரி எழுதினான். 'விடைக்குறிப்பு சரியானது. இந்த ஆசிரியை ஒரே விடைக்குக் காலையில் சுழியும் மதியம் முழு மதிப்பெண்ணும் வழங்கியுள்ளார்.'

இரண்டாவது வாக்கியம் பொய் இல்லை.

மறுநாள் எலியேசர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கிருபைராஜும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். ஜாஸ்பரையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"ஜாஸ்பர் சார், நீங்க சொல்லுங்க. குறிப்பு தப்பா?" என்று எலியேசர் கேட்டார்.

ஜாஸ்பர் தன் செருப்பைப் பார்த்தார். "நான் குறிப்பப் பாத்துத்தான் சார் திருத்தினேன். சரி தப்புன்னு நான் யோசிக்கல."

முத்துராணி மேசையில் கிடந்த வெள்ளைத் தாளை இழுத்தாள். "சார், நீங்களும் பொறியாளர்தான். ரெண்டு நிமிஷம் போதும். நான் போட்டுக் காட்டுதேன், நீங்களே பாருங்க."

எலியேசர் கையைக் காட்டித் தடுத்தார். மனுஷர் கெட்டவர் இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார். "நான் பாத்து எனக்கு விளங்கிட்டுன்னு வைங்கம்மா. அப்புறம் நான் என்ன செய்ய? எத்தன ஆயிரம் தாள் திருத்தி முடிஞ்சிருக்கு? எல்லாத்தயும் திறக்கச் சொல்லி நான் எழுதணும். தேர்வு முடிவு தள்ளிப் போவும். வேண்டாம்மா. எனக்கு விளங்காமலே இருக்கட்டும்."

மதியத்துக் கட்டு வேறொருவரிடம் போனது. அவள் போட்ட பதினாறுகள் எட்டுகள் ஆயின. மூன்று வருஷத்துக்கு அவள் விடைத்தாள் திருத்தக் கூடாது என்று உத்தரவு வந்தது. கல்லூரிக்கும் ஒரு நகல் போனது.

கல்லூரி முதல்வர் இஸ்ரவேல் நகலை அவள் முன்னால் வைத்தார். "திருத்துதல்ல ஒழுங்கீனம்னு போட்டிருக்கு மேடம். ஆய்வுக்குழு வரும்போது இது கோப்புல இருந்தா காலேஜுக்கு நல்லால்ல. நீங்களா ராஜினாமா எழுதிக் குடுத்துட்டா அனுபவச் சான்று நல்லா குடுத்திருதேன்."

"சார், அந்தக் கணக்க நீங்க பாத்தீங்களா?"

"கணக்கப் பத்தி யாரு பேசுதா மேடம்?" என்றார் அவர்.

ஆறுமுகத்தாயிடம் விஷயத்தைச் சொன்னபோது அவள் முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ சொன்னது சரிதான?" என்று மட்டும் கேட்டாள்.

"சரிதாம்மா. ஆனா நானும் மொதல்ல தப்பாத்தான் போட்டேன்."

"அப்ப ஏன் சொன்ன?" என்றாள் அம்மா. பதிலுக்குக் காத்திருக்காமல் கல்லைப் பொறுக்கி வாசலில் எறிந்தாள்.

வேறு கல்லூரிகளில் கேட்டுப் பார்த்தாள். அனுபவச் சான்று நன்றாகத்தான் இருந்தது. எல்லோருக்கும் விஷயமும் தெரிந்திருந்தது. கடைசியில் வண்ணார்பேட்டையில் ஒரு மருந்துக்கடை மாடியில் தேர்வில் தவறியவர்களுக்கான பயிற்சி நிலையத்தில் சேர்ந்தாள். கணக்கில் பெயிலான பொறியியல் பிள்ளைகள் மாலையில் வந்து உட்கார்வார்கள். அந்தப் பருவத்துத் தாளில் தவறியவர்கள் நிறைய. முதல் மாதத்தில் அவள் புதிதாக வருகிற ஒவ்வொரு பிள்ளையிடமும், "பன்னெண்டுல எது எழுதின? அ-வா, ஆ-வா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வி எதற்கென்று யாருக்கும் விளங்கவில்லை. 'ஆ' எழுதியதாகச் சொன்ன இரண்டு பேருக்கு விடை என்ன போட்டோம் என்று நினைவில்லை. பிறகு கேட்பதை விட்டுவிட்டாள்.

மறு வருஷம் ஒரு வழிகாட்டி நூல் வந்தது. பயிற்சி நிலையமே நாற்பது பிரதி வாங்கிப் போட்டது. அட்டையில், பாடக்குழுத் தலைவர் கிருபைராஜ். அவள் புரட்டிப் பார்த்தாள். இரண்டாம் அலகில், எடுத்துக்காட்டு ஏழு, அதே சமன்பாடு. விடை xe³ˣ. கீழே கட்டம் கட்டி, 'கவனம்: இங்கே D-க்கு 3 இட்டால் கீழ்ப் பகுதியில் சுழி வரும். மாணவர்கள் மட்டுமல்ல, சில ஆசிரியர்களும் இந்த இடத்தில் தவறுகிறார்கள்' என்று இருந்தது.

ஒரு வரியிலும் பிழை இல்லை. அவள் இரண்டு முறை படித்தாள், பிழை கிடைக்காதா என்று. கிடைக்கவில்லை.

அந்த வாரமே அவன் போனில் வந்தான்.

"புத்தகம் பாத்தியா? சரி பண்ணிட்டேன் பாத்தியா? இனிமே எந்தப் பிள்ளையும் அங்கன தப்பாது."

"பாத்தேன். நல்லா இருக்கு."

"உன் தடைய எடுத்திரச் சொல்லி நான் பேசுதேன். ஒரு வருத்தக் கடிதம் மட்டும் குடு. குழப்பத்துல நடந்துட்டுன்னு ரெண்டு வரி."

"அந்த முதல் கட்டத் திறப்பாங்களா?"

"எந்தக் கட்டு?" என்றான். உண்மையிலேயே அவனுக்கு மறந்துபோயிருந்தது. அவன் நடிக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அதுதான் அவளைக் குத்தியது. "அதெல்லாம் தாள அரைச்சுக் கூழாக்கி இருப்பாங்க. வருஷம் ஆச்சு. இன்னுமா அதப் பிடிச்சுக்கிட்டு இருக்க?"

"கிளாஸுக்கு நேரமாச்சு," என்று வைத்துவிட்டாள்.

மேலே பதினேழு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். எடுத்துக்காட்டு ஏழைத் திறக்கச் சொன்னாள். மேலப்பாளையத்தில் இருந்து வருகிற ஜன்னத்துல் பிர்தௌஸ் கையைத் தூக்கினாள்.

"மிஸ், கீழ சுழி வந்தா எக்ஸால பெருக்கணும்னு போட்டிருக்கு. ஏன் எக்ஸ்? எக்ஸ் ஸ்கொயர் ஏன் இல்ல?"

புத்தகத்தில் அதற்குக் காரணம் இல்லை. முத்துராணி சுண்ணாம்புக்கட்டியை எடுத்தாள். "D − 3-க்கு e³ˣ-ஐக் கண்டா ஆகாது, முழுங்கிரும். அதனால தனியா அனுப்பக் கூடாது. தெரியாத ஒரு u-வ முன்னால கட்டி அனுப்புவோம்." ue³ˣ என்று எழுதி வகையிட்டாள். u-வின் வகைக்கெழு பெருக்கல் e³ˣ, கூட்டல் 3ue³ˣ. D − 3-இல் இருக்கிற மைனஸ் மூன்று பின்துண்டைத் தின்றுவிட்டது. "மிச்சம் என்ன? u-வோட வேகம் பெருக்கல் e³ˣ. இன்னொரு பக்கம் D − 2 இருக்கு. அதுக்கு e³ˣ-ஐக் குடுத்தா மூணுல ரெண்டு போவ ஒண்ணு, அப்படியே e³ˣ-ஆ திரும்பத் தந்திரும். அப்ப u-வோட வேகம் எவ்வளவு இருக்கணும்?"

"ஒண்ணு," என்றாள் ஜன்னத்துல்.

"வேகம் எப்பவும் ஒண்ணா இருக்குறது எது?"

"எக்ஸ்." அந்தப் பெண் சிரித்தாள். "அவ்வளவுதானா மிஸ்?"

"அவ்வளவுதான். எழுதி முடிச்சதும் சமன்பாட்டுல திரும்பப் போட்டுப் பாரு. திருத்துறவங்கள நம்பாத."

பிள்ளைகள் சிரித்தார்கள், மிஸ் வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு. அவள் பலகையைத் துடைத்துவிட்டு எடுத்துக்காட்டு எட்டை எழுத ஆரம்பித்தாள்.